மறதி நோயாளிகளுக்கு எஃப்.ஏ. கூடியிருக்கிறது: இதை எப்படி எழுதுவது?

நித்யா_அடையாறு

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் நினைவாற்றல் குறைபாட்டை ஆராயும் ஒரு மருத்துவக் குழுவில் ஆய்வு உதவியாளராக இருக்கிறேன். லேசான அறிதிறன் குறைபாடு உள்ள முதியவர்களையும், அதே வயதில் நலமாக இருக்கும் முதியவர்களையும் 3 டெஸ்லா கருவியில் டிஃப்யூஷன் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டு வருகிறோம். பி மதிப்பு 1000, திசைகள் 64, வாக்சல் ஒவ்வொரு பக்கமும் 2 மில்லிமீட்டர். டென்சரைப் பொருத்தி, டி.பி.எஸ்.எஸ். முறையில் இரு குழுக்களையும் ஒப்பிட்டோம்.

கார்ப்பஸ் கலோசத்தின் பின்பகுதியிலும் சிங்குலத்திலும் நோயாளிகளுக்கு எஃப்.ஏ., அதாவது நீர் எவ்வளவு திசை சார்ந்து நகர்கிறது என்ற அளவை, குறைந்திருக்கிறது, இது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் சென்ட்ரம் செமியோவேலில், இரு பக்கமும், நோயாளிகளுக்கே எஃப்.ஏ. கூடுதலாக இருக்கிறது. எங்கள் குழுவின் மூத்தவர் இதை "ஈடுசெய்யும் மாற்றம், அப்பகுதியில் வெண்பொருளின் இன்டெக்ரிட்டி மேம்பட்டுள்ளது" என்று எழுதச் சொல்கிறார். நினைவு மங்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் மூளையில் ஓரிடம் மட்டும் முன்பைவிட நன்றாகிவிட்டது என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுத்துப் பேசுவதற்கு வேண்டிய காரணமும் கையில் இல்லை. இத்துறையில் பழகியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஹரிஷ்_ஓஎம்ஆர்

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன், மென்பொருள் எழுதுபவன். படச் செயலாக்கத்தில் சில ஆண்டுகளாக ஈடுபாடு உண்டு. உங்கள் மூத்தவர் சொல்வதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீர் மூலக்கூறுகள் நரம்பிழையின் நீளவாக்கில் எளிதாகவும் குறுக்கே சிரமப்பட்டும் நகர்கின்றன. இந்த வேறுபாடு எவ்வளவு வலுவாக இருக்கிறதோ அவ்வளவு எஃப்.ஏ. கூடும். ஆக, எஃப்.ஏ. கூடுகிறதென்றால் இழைகள் நெருக்கமாகவும் ஒழுங்காகவும் இருக்கின்றன என்றுதானே பொருள்?

பந்துகளை மாறிமாறி எறிந்து பிடிக்கும் பயிற்சியைச் சில வாரங்கள் செய்தவர்களுக்கு வெண்பொருளில் எஃப்.ஏ. கூடியது என்று 2009இல் ஆக்ஸ்போர்டு குழு வெளியிட்டதே, அதுவும் இதற்குச் சான்றுதான். சந்தேகம் இருந்தால் அந்தப் பகுதி வழியாக இழைப்பாதைகளைக் கணினியில் வரையும் டிராக்டோகிராபி ஓட்டி, அது வரையும் கோடுகளான ஸ்ட்ரீம்லைன்களை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையும் கூடியிருந்தால் இணைப்பு வலுப்பெற்றிருக்கிறது என்பது உறுதியாகிவிடும்.

பிரபாகரன்_எம்ஆர்

ஹரிஷ் சொன்னதில் முதல் பாதி சரி. இழைகள் எல்லாம் ஒரே திசையில் ஓடும் இடத்தில் அப்படிப் படிக்கலாம். கார்ப்பஸ் கலோசத்தின் நடுப்பகுதி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் நித்யா கேட்பது சென்ட்ரம் செமியோவேலைப் பற்றி. மூளையில் இழைகள் மிக மோசமாகக் குறுக்கிட்டுக்கொள்ளும் இடங்களில் அது ஒன்று. மேலிருந்து கீழாகக் கார்டிகோஸ்பைனல் பாதை இறங்குகிறது. முன்னும் பின்னுமாக எஸ்.எல்.எஃப். எனப்படும் சுப்பீரியர் லாஞ்சிட்யூடினல் ஃபாசிகுலஸ் ஓடுகிறது. பக்கவாட்டில் கார்ப்பஸ் கலோசத்தின் இழைகள் விரிகின்றன. நம்முடைய 2 மில்லிமீட்டர் வாக்சலுக்குள் இம்மூன்றும் ஒன்றாக அடங்கிவிடுகின்றன. டென்சர் என்பது ஒரே ஒரு நீள்கோளம். அதற்கு ஒரு முதன்மைத் திசைதான் உண்டு. மூன்று திசைகளை அதனால் தனித்தனியாகச் சொல்ல முடியாது. வெண்பொருள் வாக்சல்களில் 63 முதல் 90 சதவீதம் வரை ஒன்றுக்கு மேற்பட்ட இழைத்திசைகள் உள்ளன என்று 2013இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. ஆகவே இது ஏதோ ஒரு மூலையில் மட்டும் எழும் சிக்கல் அன்று.

எண்களை வைத்தே பார்த்துவிடுவோம். காகிதமும் பேனாவும் போதும். மூன்றாவது இழைக்கட்டை இப்போதைக்கு விட்டுவிட்டு இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஓர் இழைக்கட்டு தனியாக இருந்தால் அதன் நீளவாக்கில் டிஃப்யூசிவிட்டி 1.7, குறுக்கே இரு திசையிலும் 0.3 என்று கொள்வோம். அலகு நொடிக்கு ஆயிரத்தில் ஒரு சதுர மில்லிமீட்டர். இதன் எஃப்.ஏ. 0.80. இப்போது கார்டிகோஸ்பைனல் பாதி, எஸ்.எல்.எஃப். பாதி என்று செங்குத்தாகக் குறுக்கிடும் வாக்சலை எடுங்கள். இரண்டு டென்சர்களையும் சராசரி செய்தால் மூன்று அச்சுகளிலும் 1.0, 1.0, 0.3 என்று வரும். எஃப்.ஏ. 0.48. இரண்டு கட்டுகளும் முழு நலத்தோடு இருக்கின்றன. ஓர் இழைகூடச் சேதமில்லை. குறுக்கிடுகின்றன என்ற ஒரே காரணத்தால் 0.80 என்பது 0.48 ஆகிவிட்டது.

அடுத்து, நோயில் எஸ்.எல்.எஃப். மெலிகிறது, கார்டிகோஸ்பைனல் தப்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாக்சலில் பங்கு 70க்கு 30 என்று மாறுகிறது. அச்சுகள் 1.28, 0.72, 0.30. எஃப்.ஏ. 0.57. இழை அழிந்தது, எஃப்.ஏ. ஏறியது. போட்டிக்கு நின்ற திசை மெலிந்ததால் எஞ்சிய திசை ஓங்கித் தெரிகிறது, அவ்வளவுதான்.

இது வெறும் கணக்கு மட்டும் அன்று. லேசான அறிதிறன் குறைபாடும் தொடக்கநிலை அல்சைமரும் உள்ளவர்களிடம் க்வெனெல் டூவோவும் அவருடைய குழுவினரும் 2011இல் இதையே, இதே சென்ட்ரம் செமியோவேலில் காட்டினார்கள். இயக்கப் பாதை ஒப்பளவில் தப்பித்து, எஸ்.எல்.எஃப். பாதிக்கப்பட்டதால் எஃப்.ஏ. கூடியது என்பதே அவர்கள் தந்த விளக்கம். நித்யாவின் முடிவைப் படித்தவுடன் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். மூத்தவரிடம் அந்தக் கட்டுரையை எடுத்துக் காட்டுங்கள்.

பயிற்சி ஆய்வைப் பற்றி ஒரு சொல். அங்கே எஃப்.ஏ. கூடியது உண்மை. ஏன் கூடியது என்பதை எஃப்.ஏ. சொல்லவில்லை, மயலின் தடித்ததா, இழைகள் நெருங்கினவா, குறுக்கிடும் இழைகளின் பங்கு மாறியதா என்பதை அந்த ஓர் எண்ணிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

ஹரிஷ்_ஓஎம்ஆர்

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. ஆனால் கணக்கில் ஓரிடத்தை நான் ஏற்க மாட்டேன். நீங்கள் டென்சர்களைச் சராசரி செய்கிறீர்கள். கருவி அளப்பது சமிக்ஞையை. கலப்பது சமிக்ஞைகள்தான், டென்சர்கள் அல்ல. அதனால் முதலில் சமிக்ஞைகளைக் கலந்து, பிறகு மடக்கை எடுக்க வேண்டும். இன்னொன்று: எஸ்.எல்.எஃப். அழிந்த இடம் வெற்றிடமாகவா இருக்கும்? அங்கே செல்லுக்கு வெளியே உள்ள நீர் நிறையாதா? இரண்டையும் சேர்த்துச் சிறு நிரல் எழுதிப் பார்த்தேன்.

```python
import numpy as np
def fa(l):
    m = l.mean()
    return np.sqrt(1.5*((l-m)**2).sum()/(l**2).sum())
def mix(a, b, w):
    p, q, r = np.exp(-np.array([1.7, 0.3, 1.0]))
    s = [a*p+b*q+w*r, a*q+b*p+w*r, (a+b)*q+w*r]
    return fa(-np.log(s))
for f in [(.5,.5,0), (.7,.3,0), (.5,.2,.3)]:
    print(round(mix(*f), 2))
```

பி மதிப்பு 1000 என்று வைத்து, மூன்று முதன்மை அச்சுகளில் மட்டும் கணக்கிட்டிருக்கிறேன். வரும் விடைகள் 0.42, 0.54, 0.39. முதல் இரண்டும் நீங்கள் சொன்ன போக்கிலேயே ஏறுகின்றன. மூன்றாவதில் கார்டிகோஸ்பைனல் பாதியாகவே நிற்கிறது, எஸ்.எல்.எஃப். 20 சதவீதமாகத் தேய்கிறது, மீதி 30 சதவீதத்தை எல்லாத் திசையிலும் 1.0 என்ற அளவில் நகரும் நீர் நிரப்புகிறது. எஃப்.ஏ. இறங்கிவிட்டது!

பிரபாகரன்_எம்ஆர்

சமிக்ஞையைக் கலப்பதே முறை. கையால் போட எளிது என்பதற்காகத்தான் டென்சரைக் கலந்தேன். உங்கள் மூன்றாவது வரி நான் சொன்னதைவிட முக்கியமானது. அதே இழையிழப்பு; வெற்றிடத்தை எது நிரப்புகிறது என்பதைப் பொறுத்து எஃப்.ஏ. ஏறவும் செய்கிறது, இறங்கவும் செய்கிறது. நித்யா, "எஃப்.ஏ. குறைந்தால் சேதம், கூடினால் நலம்" என்ற வாய்பாடு குறுக்கிடும் இடத்தில் இரண்டு பக்கமும் உடைகிறது என்பதற்கு இந்த மூன்று எண்களே போதும்.

இந்த இடத்தில் எஃப்.ஏ.வைவிட உதவக்கூடிய இன்னோர் அளவை உண்டு: மோடு. டென்சரின் வடிவம் தட்டைப் போலப் பரந்திருந்தால் அது −1ஐ நோக்கிப் போகும். ஊசியைப் போல நீண்டிருந்தால் +1ஐ நோக்கிப் போகும். என் கைக்கணக்கின்படி 50க்கு 50 குறுக்கீட்டில் மோடு −1. இழப்புக்குப் பின் 70க்கு 30 ஆகும்போது +0.24. ஹரிஷ் சொன்னபடி நீர் நிரம்பினாலும், அதே கைக்கணக்கில், +0.34. எஃப்.ஏ. எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டு நிலையிலும் மோடு ஒரே பக்கம்தான் ஏறுகிறது. `dtifit` எஃப்.ஏ.வோடு சேர்த்து மோடு படத்தையும் எழுதிவிடும். உங்கள் கோப்புறையில் `_MO` என்று முடியும் கோப்பு இருக்கும். பெரும்பாலோர் அதைத் திறப்பதே இல்லை.

கோபால்_வேளச்சேரி

மன்னிக்கவும், இடையில் புகுகிறேன். என் அப்பாவுக்கு வயது 71. இடப்பக்க மூளையில் பக்கவாதம் வந்து கொஞ்சம் தேறியிருக்கிறார். வலக்கை இன்னும் சரியாக வரவில்லை. ஒரு ஸ்கேன் மையத்தில் டி.டி.ஐ. எடுத்துக் கொடுத்த அறிக்கையில் "இடது கார்டிகோஸ்பைனல் பாதையின் எஃப்.ஏ. 0.41, வலது 0.52, இடப்பக்க வெண்பொருளின் இன்டெக்ரிட்டி குறைந்துள்ளது" என்று எழுதியிருக்கிறார்கள். வண்ண வண்ணமாக இழைப் படமும் கொடுத்திருக்கிறார்கள். அதில் இடப்பக்கம் இழைகள் மிகக் குறைவாகத் தெரிகின்றன. நீங்கள் எல்லோரும் எஃப்.ஏ.வை நம்ப முடியாது என்கிறீர்கள். அப்படியானால் அப்பாவுக்குப் பாதை நன்றாகத்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? அந்த 0.41ஐ 0.52 ஆக்க ஏதாவது மருந்தோ உணவோ இருக்கிறதா?

செல்வி_ரேடியோகிராபர்

கோபால் சார், அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். நம்பவே கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. எங்கே அளந்தார்கள் என்பதைப் பொறுத்து அந்த எண்ணின் பொருள் மாறும் என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு மூளைத்தண்டின் மேற்பகுதியில், அதாவது செரிப்ரல் பெடங்கிளில், அளந்திருந்தால் அங்கே இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் இறங்குகின்றன. பக்கவாதத்துக்குப் பிறகு அங்கே ஒரு பக்கம் மட்டும் எஃப்.ஏ. குறைந்திருந்தால், மேலே அறுபட்ட இழைகளின் கீழ்ப்பகுதி தேய்ந்திருக்கிறது என்று படிப்பதில் பொருள் இருக்கிறது. ஒரே ஆளின் இடதையும் வலதையும், ஒரே நாளில், ஒரே கருவியில் ஒப்பிடுவதும் வேறு ஆட்களோடு ஒப்பிடுவதைவிட நம்பத்தக்கது. இதுவே சற்றுக் கீழே பான்ஸில் அளந்ததாக இருந்தால் குறுக்கே ஓடும் பான்டைன் இழைகள் கலந்து கணக்கைக் குழப்பிவிடும். அறிக்கையில் இடம் குறிப்பிடப்படவில்லையென்றால் அறிக்கை எழுதியவரிடமே கேட்டுவிடுங்கள், கேட்கலாம், தப்பில்லை.

0.41 என்பதை ரத்தச் சர்க்கரை எண்ணைப் போல நினைத்து, இவ்வளவு இருந்தால் சரி, இவ்வளவு குறைந்தால் நோய் என்று பார்க்க வேண்டாம். அப்படி எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. கருவி மாறினால், வாக்சல் அளவு மாறினால், திசைகளின் எண்ணிக்கை மாறினால் அதே ஆளுக்கே வேறு எண் வரும். அதை உயர்த்துவதற்கென்று மருந்தும் இல்லை. உயர வேண்டியது அப்பாவின் கை வேலை. பிசியோதெரபியையும், அவரைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரின் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.

டாக்டர்_நரம்பறுவை_பிஜி

கோபால் ஐயா குறிப்பிட்ட வண்ணப்படத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ஹரிஷ் சொன்ன எண்ணிக்கைக்கும் இதுவே பதில். ஸ்ட்ரீம்லைன் என்பது நரம்பிழை அன்று. கணினி ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு வாக்சலிலும் டென்சர் காட்டும் முதன்மைத் திசையில் அடியெடுத்து வைத்து, எஃப்.ஏ. ஒரு வரம்புக்குக் கீழே போனால் நின்றுவிடுகிறது. அந்த வரம்பைப் பல இடங்களில் 0.2 என்று வைப்பார்கள். பக்கவாதத் தழும்பிலோ கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்திலோ எஃப்.ஏ. தானாகவே தாழ்ந்திருக்கும். அங்கே கோடு நின்றுவிட்டது என்றால் கணினியின் நடை நின்றது என்று மட்டுமே பொருள். பாதை இருக்கிறதா இல்லையா என்பது அதிலிருந்து தெரியாது.

எங்கள் துறையில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். டென்சரை மட்டும் வைத்துக் கார்டிகோஸ்பைனல் பாதையை வரைந்தால், மண்டையின் உச்சிக்கு அருகே, கால் அசைவுக்குரிய பகுதிக்குப் போகும் இழைகள்தான் பெரும்பாலும் வருகின்றன. பக்கவாட்டில் விரிந்து கைக்கும் முகத்துக்கும் உரிய பகுதிகளுக்குப் போகும் இழைகள் படத்தில் காணாமல் போய்விடுகின்றன. எந்த இடத்தில் காணாமல் போகின்றன என்று கேட்டால், நித்யா கேட்கும் அதே சென்ட்ரம் செமியோவேலில், எஸ்.எல்.எஃப். குறுக்கிடும் இடத்தில்தான். எல்லா மனிதருக்கும் கையும் முகமும் அசைகின்றன. ஆகவே அந்த இழைகள் இருக்கின்றன என்பதில் ஐயமே இல்லை. படத்தில் அவை இல்லை என்பதற்காக ஓர் அறுவை மருத்துவர் அந்த வழியே போக முடியுமா? அதனால்தான் டிராக்டோகிராபியைத் திட்டமிட மட்டும் பயன்படுத்திக்கொண்டு, அறுவையின்போது மின்தூண்டல் செய்து பார்த்துத்தான் எல்லையை முடிவு செய்கிறோம். மண்டையோட்டைத் திறந்தபின் மூளையே இடம் நகர்ந்துவிடுவதும் உண்டு; முன்பே எடுத்த படம் அதை அறியாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. விடை முன்கூட்டியே தெரிந்த, செயற்கையாக உருவாக்கிய தரவை 20 குழுக்களிடம் கொடுத்து, அவர்கள் அனுப்பிய 96 டிராக்டோகிராம்களை ஒப்பிட்ட முடிவு 2017இல் வெளியானது. உண்மையான இழைக்கட்டுகளில் பெரும்பாலானவற்றைப் பல முறைகள் கண்டுபிடித்தன. ஆனால் இல்லாத கட்டுகளையும் அவை வரைந்தன. அந்தப் பொய்க்கட்டுகளின் எண்ணிக்கை உண்மையானவற்றைவிட அதிகம். ஹரிஷ், எஸ்.எல்.எஃப். மெலிந்து கார்டிகோஸ்பைனல் திசை ஓங்கினால் அந்த வாக்சலைக் கடந்து மேலே போகும் ஸ்ட்ரீம்லைன்கள் கூடத்தான் செய்யும். எஃப்.ஏ. எந்தக் காரணத்தால் கூடியதோ அதே காரணத்தால் எண்ணிக்கையும் கூடும். ஒரே சான்றை இரண்டு முறை எண்ணி இரண்டு சான்று என்று சொல்வது போல் ஆகிவிடும்.

ஹரிஷ்_ஓஎம்ஆர்

ஸ்ட்ரீம்லைன் எண்ணிக்கையைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எஃப்.ஏ.வைப் பிரித்தால் தெளிவு கிடைக்காதா? நீளவாக்கு டிஃப்யூசிவிட்டி குறைந்தால் ஆக்சான் சேதம், குறுக்குவாக்கு கூடினால் மயலின் சேதம் என்று படித்திருக்கிறேன். எலிகளிலும் அதை நிறுவியிருக்கிறார்களே.

பிரபாகரன்_எம்ஆர்

மயலின் சரியாக உருவாகாத ஷிவரர் எலியில் குறுக்குவாக்கு அளவு கூடியது என்பது உண்மை. ஆனால் அதைத் தலைகீழாகத் திருப்பி, குறுக்குவாக்கு அளவு கூடினாலே மயலின் போய்விட்டது என்று சொல்ல முடியாது. கார்ஃபிஷ் மீனின் மோப்ப நரம்பில் மயலின் கிடையாது; ஆனாலும் நீர் அங்கே திசை சார்ந்துதான் நகர்கிறது என்று கிறிஸ்டியன் போலியூவும் பீட்டர் ஆலனும் 1994இலேயே காட்டினார்கள். திசைச்சார்புக்கு அடிப்படைக் காரணம் ஆக்சானின் சவ்வு. மயலின் அதை மாற்றியமைக்கிறது, உண்டாக்கவில்லை. குறுக்கீடு உள்ள வாக்சலில் நிலைமை இன்னும் மோசம். முதன்மைத் திசையாக இருந்தது எஸ்.எல்.எஃப். திசை என்று வையுங்கள். அது மெலிந்தவுடன் முதலிடத்தைக் கார்டிகோஸ்பைனல் திசை பிடித்துக்கொள்கிறது. முன்பு "நீளவாக்கு" என்று ஒரு பாதையை அளந்தோம். இப்போது அதே பெயரில் வேறொரு பாதையை அளக்கிறோம். இரண்டையும் கழித்து எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம்?

செல்வி_ரேடியோகிராபர்

நித்யா, உயிரியல் விளக்கத்துக்குப் போகும் முன் இன்னொன்றைச் சரிபார்த்துவிடுங்கள். மறதி உள்ளவர்கள் ஸ்கேனுக்குள் தலையை அதிகம் அசைப்பார்கள். நீங்கள் சொன்ன அளவுகளில் எடுத்தால் ஒரு ஸ்கேன் பத்து நிமிடத்தை ஒட்டி ஓடும். பாதியில் எங்கே இருக்கிறோம் என்பது மறந்துபோய் எழுந்திருக்கப் பார்ப்பவர்களும் உண்டு. நோயாளிக் குழு மட்டும் அசைந்தால், இழைகளில் எந்த மாற்றமும் இல்லாமலே இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு தோன்றும். இதை 2014இல் அனஸ்டேசியா யெண்டிகி குழுவினர் காட்டியிருக்கிறார்கள்.

`eddy` ஓட்டியிருந்தால் ஒவ்வொரு வால்யூமுக்கும் தலை எவ்வளவு நகர்ந்தது என்ற கோப்பு கிடைத்திருக்கும். `eddy_quad` ஓட்டினால் ஆளுக்கு ஓர் அறிக்கை வரும். இரு குழுக்களின் சராசரி நகர்வை முதலில் ஒப்பிடுங்கள். எந்தெந்த வால்யூம்களில் சமிக்ஞை விழுந்து கறுப்புப் பட்டைகள் வந்திருக்கின்றன என்பதைக் கண்ணாலும் ஒரு முறை பாருங்கள். எண்ணில் தெரியாதது சில சமயம் படத்தில் தெரியும். எதிர்த் திசையில் எடுத்த பி 0 படம் இல்லாமல் `topup` செய்ய முடியாது என்பதால் அதையும் எடுத்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இரைச்சல் கூடினால் எஃப்.ஏ. தாழ்வாக இருக்கும் இடங்களில் அது மேல்நோக்கித் தள்ளப்படும். மூன்று அச்சுகளும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும்போது, இரைச்சலால் ஒன்று தற்செயலாகப் பெரிதாகத் தெரியும். நாமும் அதையே முதலாவது என்று வரிசைப்படுத்திவிடுகிறோம். உங்கள் சென்ட்ரம் செமியோவேலில் எஃப்.ஏ. இயல்பாகவே நடுத்தரம் என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது.

நித்யா_அடையாறு

நீங்கள் சொன்னவற்றையெல்லாம் செய்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். எதிர்த் திசைப் படம் எடுத்திருக்கிறார்கள். நோயாளிகளின் தலை நகர்வு சற்றுக் கூடுதல்தான். நகர்வைக் கணக்கில் சேர்த்துப் புள்ளியியலை மீண்டும் ஓட்டியதில் சென்ட்ரம் செமியோவேலின் வலப்பக்க வேறுபாடு மறைந்துவிட்டது. இடப்பக்கம் நிற்கிறது. இரு பக்கமும் என்று எழுதியிருந்தால் பாதி தவறாகியிருக்கும். செல்வி மேடத்துக்கு நன்றி.

இடப்பக்கத்தில் மோடு படத்தைத் திறந்து பார்த்தேன். எஃப்.ஏ. கூடிய அதே வாக்சல்களில் நோயாளிகளுக்கு மோடும் கூடியிருக்கிறது. தட்டையாக இருந்த டென்சர் ஊசியை நோக்கிப் போகிறது. `bedpostx` ஓட்டி, ஒரு வாக்சலுக்கு இரண்டு இழைத்திசைகள் வரை அனுமதித்தேன். மேலும் கீழுமாக ஓடும் திசையின் பங்கு இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான். முன்னும் பின்னுமாக ஓடும் திசையின் பங்கு நோயாளிகளுக்குக் குறைவு. ஐயா சொன்ன விளக்கத்துக்கு இது பொருந்துகிறதல்லவா?

பிரபாகரன்_எம்ஆர்

பொருந்துகிறது, மகிழ்ச்சி. ஆனால் ஓரிடத்தில் நிதானிக்க வேண்டும். மோடு கூடியது என்பது ஒப்பளவைப் பற்றிய செய்தி. எஸ்.எல்.எஃப். தேய்ந்தாலும் 70க்கு 30 ஆகும், எஸ்.எல்.எஃப். அப்படியே இருந்து கார்டிகோஸ்பைனல் தடித்தாலும் 70க்கு 30 ஆகும். எஃப்.ஏ.வோ மோடோ இவ்விரண்டையும் பிரிக்காது. அந்த மட்டும் உங்கள் மூத்தவரின் ஈடுசெய்யும் விளக்கத்தை இந்தத் தரவால் முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது. `bedpostx` தரும் பங்குகள் எஸ்.எல்.எஃப். பக்கம் கை காட்டுகின்றன. இருந்தாலும் பி மதிப்பு 1000இல், ஒரே ஷெல்லில், இரண்டாவது இழையின் பங்கு இரைச்சலுக்கு எளிதில் இரையாகும். அசைவு கூடியவர்களில் இரண்டாவது இழையே கண்டுபிடிக்கப்படாமல் போவதும் உண்டு. ஆகவே நகர்வுக் கணக்கை அந்தப் பங்குகளின் ஒப்பீட்டிலும் சேர்த்தீர்களா என்று பாருங்கள்.

ஹரிஷ்_ஓஎம்ஆர்

இங்கே நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இழப்பு என்பதற்கு மூன்று அறிகுறிகள் ஒரே பக்கம் நிற்கின்றன. நோயும் இழப்பை உண்டாக்கும் நோய்தான். இயக்கப் பாதை மறதி நோயில் தடிக்கும் என்று எதிர்பார்க்க என்ன காரணம்? முன்னரே தெரிந்ததையும் எடையில் வைத்தால் ஈடுசெய்யும் விளக்கத்தைக் கைவிடலாம் என்றே நினைக்கிறேன்.

பிரபாகரன்_எம்ஆர்

விவாதப் பகுதியில் அப்படி வாதிடலாம், நான் தடுக்க மாட்டேன். முடிவுகள் பகுதியில் எழுதக் கூடாது. அங்கே "எஃப்.ஏ. கூடியது, மோடு கூடியது, முன்பின் திசையின் பங்கு குறைந்தது" என்று அளந்ததை மட்டும் எழுத வேண்டும். இன்டெக்ரிட்டி என்று எழுதினால் அளக்காத ஒன்றை அளந்ததாகச் சொல்கிறோம். ஒரு வாக்சலில் லட்சக்கணக்கான ஆக்சான்கள். அளக்கும் நேரத்தில் ஒரு நீர் மூலக்கூறு நகர்வது ஏறத்தாழ பத்து மைக்ரான். நமக்குக் கிடைப்பது அத்தனையின் சராசரி. இழையை இழையாகவே பார்க்க வேண்டுமென்றால் மூளையை வெட்டி, சாயமிட்டு, நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும். நம்மூர் ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தில் அத்தகைய பணிதான் நடக்கிறது. 2024இல் அவர்கள் வெளியிட்ட தரணி என்ற, கருவிலுள்ள சிசுவின் மூளை வரைபடம் 5,132 வெட்டுகளால் ஆனது. உயிரோடு இருப்பவரிடம் அது நமக்குக் கிடைக்காது.

டாக்டர்_நரம்பறுவை_பிஜி

நித்யா, இனி வரப்போகும் பங்கேற்பாளர்களுக்காவது பி மதிப்பு 3000இல் இன்னொரு ஷெல்லைச் சேர்க்க முடியுமா? அவ்வளவு உயர்ந்த மதிப்பில் ஆக்சானுக்கு வெளியே உள்ள நீரின் சமிக்ஞை பெரும்பகுதி அடங்கிவிடும். மிஞ்சுவதை இழைவாரியாகப் பிரித்து, எஸ்.எல்.எஃப்.க்கு இவ்வளவு, கார்டிகோஸ்பைனலுக்கு இவ்வளவு என்று அடர்த்தியைத் தனித்தனியாக ஒப்பிடலாம். கார்டிகோஸ்பைனலின் அடர்த்தி மாறவில்லை, எஸ்.எல்.எஃப்.இன் அடர்த்தி மட்டும் குறைந்திருக்கிறது என்று வந்தால் உங்கள் மூத்தவருக்கும் மறுப்பு இருக்காது.

நித்யா_அடையாறு

கேட்டுப் பார்த்தேன். புதிய ஷெல்லைச் சேர்த்தால் ஸ்கேன் நேரம் நீளும். அசையாமல் படுத்திருக்க முடியாத நோயாளிகள் மேலும் பலர் விடுபட்டுப் போவார்கள் என்று மூத்தவர் தயங்குகிறார். அது நியாயமான கவலைதான். விடுபடுபவர்கள் நோய் முற்றியவர்களாக இருந்தால் மிஞ்சும் குழுவே மாறிவிடும். இப்போதைக்குக் கட்டுரையில் "இன்டெக்ரிட்டி மேம்பட்டது" என்ற சொற்றொடரை எடுத்துவிட ஒப்புக்கொண்டிருக்கிறார். "ஈடுசெய்யும் மாற்றமாகவும் இருக்கலாம்" என்ற ஒரு வாக்கியம் விவாதப் பகுதியில் நிற்கிறது. அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். பங்குகளின் ஒப்பீட்டில் நகர்வைச் சேர்த்து இன்றிரவு மீண்டும் ஓட்டுகிறேன்.

செல்வி_ரேடியோகிராபர்

நேரத்தைப் பற்றி ஒரு யோசனை. கருவியில் மல்டிபேண்ட் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வெட்டுகளை எடுப்பதால் இரண்டாவது ஷெல்லைச் சேர்த்தாலும் மொத்த நேரம் இப்போதுள்ளதைவிட அதிகம் ஆகாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பழைய பங்கேற்பாளர்களின் ஸ்கேனையும் புதியவற்றையும் ஒரே குவியலில் சேர்த்து எஃப்.ஏ.வை ஒப்பிடக் கூடாது. வரிசை மாறினாலே எண் மாறும். நோயாளிகளும் நலமானவர்களும் இரண்டு வரிசையிலும் சமமாகக் கலந்திருக்கும்படி முதல் நாளிலிருந்தே திட்டமிடுங்கள்.